ஏழாம் அத்தியாயம்: கப்பியை மாற்றும் முன்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்களில் சிறுபோகம் பார்க்கும் கமக்காரன் ஒருவன், உன்னிச்சைக் குளத்து நீர் கடைமடைக்கு வந்து சேருமுன்னரே மெலிந்துபோவதைக் கண்டு, வாய்க்கால் ஓரத்து மடுவிலிருந்து தண்ணீரை இறைத்துத் தன் பயிரைக் காக்க முற்படும்போது, அவன் முதலில் யோசிப்பது புதிய பம்பியைப் பற்றியல்ல. கைவசமுள்ள பம்பியை இன்னும் வேகமாகச் சுழற்றலாமா என்பதைப் பற்றியே. டீசல் எஞ்சினிலிருந்து நாடா மூலம் ஓடும் பம்பிக்கு வேகத்தைக் கூட்டுவது மிக எளிது. பம்பியின் தண்டிலுள்ள ஐந்தங்குலக் கப்பியைக் கழற்றி நாலங்குலக் கப்பியைப் போட்டால் போதும். பழுது பார்க்கும் கடையில் நான் ஒருமுறை கேட்ட சம்பாஷணை இதுதான்:

"ஐயா, நாலங்குலம் போட்டா தண்ணி கூட வருந்தானே?"

"ஓம் மனே, வரும். ஆனா எவ்வளவு கூட வரும், எஞ்சின் அதைத் தாங்குமா எண்டு கேட்டுப்போட்டு வாங்கு."

அந்தப் பெரியவர் கேட்கச் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் கப்பியை வாங்குமுன்பே, கடதாசியில், விடை காண முடியும். அதற்கு உதவுபவை மையநீக்கப் பம்பியின் ஒப்புமை விதிகள். இவ்விதிகளை மனனம் செய்வது கடினமன்று. ஆயினும் எந்த இடத்தில் இவை முழு உண்மை, எந்த இடத்தில் பாதி உண்மை என்ற பேதம் தெரியாமல் பிரயோகித்தால் கணக்கு சரியாயிருந்தும் காரியம் தவறிப் போகும். இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தப் பேதத்துக்கே செலவாகிறது.

விதிகளின் காரணத்தை முதலில் பார்ப்போம். பம்பிக்குள் சுழலும் இம்பெல்லர் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு நீரைத் தன் இடைவழிகளால் வெளியே தள்ளுகிறதென்று கொண்டால், நிமிடத்துக்கான சுற்றுகள் இரட்டித்தால் நீரின் அளவும் இரட்டிக்க வேண்டும். ஆகவே பாய்ச்சல் வேகத்துக்கு நேர் விகிதசமம். ஆனால் நீரை மேலே ஏற்றுவது இம்பெல்லரின் விளிம்பு நீருக்குக் கொடுக்கும் வேகமாகும். மேலே எறிந்த கல் எட்டும் உயரம் எறிந்த வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாயிருப்பது போல, பம்பி நீருக்குத் தரும் ஏற்ற உயரமும் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். வலுவோ இவ்விரண்டினதும் பெருக்கம். எவ்வளவு நீர், எவ்வளவு உயரத்துக்கு என்ற இரண்டும் சேர்ந்ததாதலால் அது வேகத்தின் கனத்தோடு ஏறுகிறது. பாய்ச்சலை Q என்றும், ஏற்ற உயரத்தை H என்றும், தண்டு வலுவை P என்றும், சுழற்சி வேகத்தை N என்றும் எழுதினால் விதிகள் மூன்றும் வருமாறு:

```
Q2 = Q1 × (N2/N1)
H2 = H1 × (N2/N1)^2
P2 = P1 × (N2/N1)^3
```

நாடாவில் ஓடும் பம்பிக்கு N2/N1 என்பது கப்பிகளின் விட்ட விகிதமே. எஞ்சின் பக்கக் கப்பி மாறாதிருக்க, பம்பிக் கப்பி ஐந்தங்குலத்திலிருந்து நாலங்குலமானால் விகிதம் 5/4, அதாவது 1.25. V நாடா சற்று வழுக்குமாதலால் உண்மை விகிதம் ஓரிரு வீதம் குறையும். கணக்கிட்டு முடித்த பின்னர் சுற்றுமானியை வைத்து ஒருமுறை அளந்து கொள்வது நல்லது. நாடா கருகிய வாசனையும் கப்பியைச் சுற்றிக் கரும்பொடியும் கண்டால் வழுக்கல் ஓரிரு வீதத்தில் நிற்கவில்லை என்று அறியலாம்.

இனி ஒரு பம்பியை முழுமையாக எடுத்துக் கணக்கிடுவோம். மூன்றங்குல வாயுள்ள பம்பி; மடுவின் ஓரத்தில் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடுகிறது; 500 அடிக்கு அப்பாலுள்ள வயல் வரம்புக்கு மூன்றங்குலக் குழாய் வழியாக நீர் போகிறது; மடுவின் நீர் மட்டத்துக்கும் வயலிலுள்ள குழாய் வாய்க்குமிடையே உயர வித்தியாசம் 3 மீற்றர். பம்பியைப் பற்றித் தெரிந்துகொள்ள நாலு கருவிகள் போதும்: 200 லீற்றர் பீப்பாய் ஒன்று, கைக்கடிகாரம், வெளிவாயிலில் பொருத்திய அமுக்கமானி, உறிஞ்சு குழாயில் பொருத்திய வெற்றிடமானி. இரண்டு மானிகளையும் ஒரே மட்டத்தில் வைத்து, அவற்றின் வாசிப்புகளை மீற்றர் நீராக மாற்றிக் கூட்டினால் பம்பி நீருக்குக் கொடுக்கும் மொத்த ஏற்ற உயரம் கிடைக்கும். ஒரு பார் அமுக்கம் ஏறத்தாழ 10.2 மீற்றர் நீருக்குச் சமம்.

முதலில் வயலில் பீப்பாய் 20 வினாடியில் நிரம்புகிறது. அதாவது வினாடிக்கு 10 லீற்றர். அப்போது வெளிவாயில் மானி 11.5 மீற்றரும், வெற்றிடமானி 3.5 மீற்றரும் காட்டுகின்றன. மொத்தம் 15 மீற்றர். பின்பு வெளிவாயில் வால்வை முழுவதும் அடைத்துச் சில வினாடிகள் மட்டும் மானிகளைப் பார்க்கிறோம். 18 மீற்றரும் 2 மீற்றரும், ஆக 20 மீற்றர். இந்தச் சோதனை மையநீக்கப் பம்பிக்கு மாத்திரமே பொருந்தும். பிஸ்ற்றன் உள்ள பம்பியில் வெளிவாயிலை அடைத்தால் ஏதேனுமொன்று வெடித்தே தீரும். மையநீக்கப் பம்பியையும் அடைத்தபடியே நெடுநேரம் ஓட்டலாகாது, உள்ளே நிற்கும் நீர் சூடாகிவிடும்.

இந்த இரண்டு புள்ளிகளே பம்பியின் குணத்தைப் போதுமான அளவுக்குச் சொல்லிவிடுகின்றன. நீர் ஓடாதபோது 20 மீற்றர். 10 லீற்றர் ஓடும்போது 15 மீற்றர். இடையே குறைந்த 5 மீற்றர் பாய்ச்சலின் வர்க்கத்தோடு போகிறதென்று கொண்டால், பம்பியின் வளையி இப்படி அமைகிறது:

```
H = 20 − 0.05 × Q^2
```

குழாயின் பக்கத்திலிருந்தும் அதுபோல ஒரு சமன்பாடு எழுத வேண்டும். 15 மீற்றரில் 3 மீற்றர் வெறும் உயரத்துக்குப் போகிறது. மிகுதி 12 மீற்றரை நீண்ட குழாயின் உராய்வும் அடிவால்வும் முடக்குகளும் உண்டுவிடுகின்றன. உராய்வும் பாய்ச்சலின் வர்க்கத்தோடு ஏறுவதால், குழாய் கேட்கும் உயரம்:

```
H = 3 + 0.12 × Q^2
```

பம்பி தருவதும் குழாய் கேட்பதும் சமமாகும் இடத்தில்தான் நீர் ஓடும். இந்த வாக்கியத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் மேலே வருவதெல்லாம் எளிதாகிவிடும்.

ஒப்புமை விதிகளை நேராகப் போட்டால், நாலங்குலக் கப்பிக்கு, 10 லீற்றர் 12.5 லீற்றராகும், 15 மீற்றர் 23.4 மீற்றராகும். பலர் இங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். ஆனால் விதி சொல்வது பம்பியின் வளையியிலுள்ள புள்ளி ஒன்று புதிய வளையியில் எங்கே போய் அமரும் என்பதைத்தான். உங்கள் குழாய் அந்தப் புள்ளியை ஏற்குமா என்பதை அது சொல்வதில்லை. ஆகவே ஒரு புள்ளியை மாற்றிவிட்டு நிற்காமல் வளையி முழுவதையும் மாற்ற வேண்டும். அதிர்ஷ்டவசமாக நாம் எழுதிய சமன்பாட்டில் அது ஒரு நொடி வேலை: 20 என்ற எண் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகுகிறது, 0.05 என்ற எண் அப்படியே நிற்கிறது. உயரமும் பாய்ச்சலின் வர்க்கமும் ஒரே விகிதத்தில் மாறுவதால் அது மாறுவதற்குக் காரணமில்லை. நாலங்குலக் கப்பிக்கு 20 × 1.5625, அதாவது 31.25. இனி 31.25 − 0.05 Q² என்பதை 3 + 0.12 Q² என்பதோடு சமன்படுத்த, Q² ஏறத்தாழ 166, Q ஏறத்தாழ 12.9 லீற்றர் என்று வருகிறது. விதி சொன்னது 12.5, குழாய் தருவது 12.9. வித்தியாசம் அற்பம், ஏனெனில் இந்த வயலில் உயரம் சிறிது, உராய்வே பெரிது. உராய்வு மட்டும் இருந்து உயரமே இல்லாதிருந்தால் இரண்டும் துல்லியமாக ஒன்றாகியிருக்கும். பீப்பாய் இப்போது பதினைந்தரை வினாடியில் நிரம்பும்.

வலுவின் கணக்கு இத்தனை இனிமையானதன்று. ஆரம்பத்தில் நீர் பெற்ற வலு வினாடிக்கு 10 கிலோகிராம், 15 மீற்றர், 9.81 என்ற மூன்றின் பெருக்கம், அதாவது ஏறத்தாழ 1.47 கிலோவாற்று, பம்பியின் வினைத்திறன் 60 வீதம் என்று வைத்தால் தண்டு கேட்பது 2.45 கிலோவாற்று. கனவிதியின்படி நாலங்குலக் கப்பிக்கு 1.25இன் கனமாகிய 1.95ஆல் பெருக்க 4.8 கிலோவாற்று வருகிறது. குழாயோடு சமன்படுத்தி மீண்டும் கணக்கிட்டாலும் ஏறத்தாழ அதுவே. நீர் முப்பது வீதத்துக்கும் குறைவாகக் கூடியது, வலு இரட்டித்தது. ஆறு குதிரைவலு என்று தகட்டில் எழுதிய எஞ்சின் அதிகபட்சம் தருவது 4.5 கிலோவாற்றுத்தான்; அதுவும் புதிதாயிருந்தபோது. ஆகவே அது கரும்புகை கக்கி, வேகம் தளர்ந்து, எதிர்பார்த்த 2500 சுற்றை எட்டாமல் இடையில் எங்கோ ஓரிடத்தில் தொங்கி நிற்கும். கமக்காரனோ கப்பி சரியில்லை என்று கப்பிக் கடைக்காரரோடு சண்டைக்குப் போவான். கப்பியின் மேல் குற்றமில்லை, கனவிதியின் மேல்தான்.

எஞ்சினிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுவதே விவேகம். 4.5 கிலோவாற்றில் ஏறத்தாழ 15 வீதத்தைச் சேமநிலையாக ஒதுக்கினால் 3.8 மிஞ்சும், 3.8ஐ 2.45ஆல் வகுத்து அதன் கனமூலம் எடுத்தால் 1.16. ஐந்தங்குலத்தை 1.16ஆல் வகுக்க நாலேகாலங்குலத்துக்குச் சற்று மேல் வருகிறது. கடையில் கிடைக்கும் நாலரை அங்குலக் கப்பியே இந்த எஞ்சினுக்குரிய எல்லை. அதைப் போட்டால் நீர் 11.3 லீற்றர், வலு ஏறத்தாழ 3.4 கிலோவாற்று.

எதிர்த்திசையையும் பார்க்க வேண்டும். நான் சொல்ல விரும்பும் லாபம் அங்கேதான் இருக்கிறது. பம்பிக்கு ஆறங்குலக் கப்பியைப் போட்டால் விகிதம் 0.833, வேகம் 1667 சுற்று. 20 என்ற எண் 13.9 ஆகிறது, குழாயோடு சமன்படுத்த நீர் வினாடிக்கு 8 லீற்றர், உயரம் 10.7 மீற்றர், வலு 1.4 கிலோவாற்று. ஐந்திலொரு பங்கு நீர் குறைய, வலு நாற்பது வீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது. சிறிய டீசல் எஞ்சின் ஒரு கிலோவாற்று மணிக்கு ஏறத்தாழ மூன்றிலொரு லீற்றர் எண்ணெய் குடிக்கும் என்று கொண்டு, வயலுக்கு 360 கனமீற்றர் நீர் இறைப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் நிற்கும் அளவு. ஐந்தங்குலக் கப்பியில் 10 மணி நேரமும் 8 லீற்றர் டீசலும் வேண்டும். நாலங்குலத்தில், எஞ்சின் தாங்குமென்றே வைத்தாலும், ஏழே முக்கால் மணியில் வேலை முடியும். டீசல் பன்னிரண்டரை லீற்றர். ஆறங்குலத்தில் பன்னிரண்டரை மணி. டீசல் ஆறு லீற்றருக்கும் குறைவு. அவசரத்துக்கு விலை ஒரு லீற்றர் நீருக்கு ஐம்பது வீதம் கூடுதல் எண்ணெய் என்று பார்க்கும்போது, பயிர் வாடிச் சாகும் தறுவாயில் இல்லாத கமக்காரன் காலையில் இரண்டேகால் மணி நேரம் முன்னரே எழும்பி மெசினை இயக்குவது மேல்.

இவ்வளவும் உராய்வு மிகுந்த குழாய்க்கு. இதே பம்பியை எழுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் மேல்நிலைத் தொட்டிக்கு நீரேற்ற வைத்தோமானால் கதை முற்றிலும் வேறாகிவிடுகிறது. தொட்டி கிணற்று நீர் மட்டத்திலிருந்து 12 மீற்றர் உயரத்தில். குழாய் குறுகிய தூரம். உராய்வு 3 மீற்றர் மாத்திரமே. ஐந்தங்குலக் கப்பியில் இங்கும் 10 லீற்றர், 15 மீற்றர். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டு இடமும் ஒன்றே. ஆனால் இங்கு குழாய் கேட்பது 12 + 0.03 Q² என்ற உயரமாகும். ஆறங்குலக் கப்பிக்குரிய 13.9 − 0.05 Q² என்பதோடு சமன்படுத்திப் பாருங்கள்: Q² ஏறத்தாழ 23.6, Q 4.9 லீற்றர். வயலில் ஐந்திலொரு பங்கு குறைந்த நீர், தொட்டியில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது! வேக விகிதத்தால் 10 லீற்றரைப் பெருக்கி 8.3 லீற்றர் வருமென்று நம்பியவன், பத்தாயிரம் லீற்றர் தொட்டி 20 நிமிடத்தில் நிறையுமென்று எண்ணி 34 நிமிடம் காத்திருப்பான்.

அதைவிட வேடிக்கை, காத்திருந்தும் டீசல் மிச்சமாகவில்லை என்பதே. பம்பி தன் நல்ல புள்ளியிலிருந்து விலகி ஓடுவதால் வினைத்திறன் 60இலிருந்து 48 வீதம் போல விழுந்துவிடும் என்று வைத்தால், தண்டு வலு 1.26 கிலோவாற்று; 34 நிமிடத்தில் செலவாகும் சக்தி 0.72 கிலோவாற்று மணி. ஐந்தங்குலத்தில் 17 நிமிடத்துக்குச் செலவானது 0.68. வேகத்தைக் குறைத்தால் சிக்கனம் என்பது வயலில் சத்தியம், தொட்டியில் பொய்.

இன்னும் குறைத்தால் நீர் நின்றே போகும். 20 என்ற எண் விகிதத்தின் வர்க்கத்தால் பெருகி 12 ஆகும் இடம் எது? 12ஐ 20ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.775, அதாவது 1550 சுற்றுக்குக் கீழே இந்தப் பம்பியால் தொட்டிக்கு ஒரு துளி நீரும் ஏற்ற முடியாது. ஏழங்குலக் கப்பி தரும் வேகம் 1429. எஞ்சின் ஓடும், நாடா ஓடும், இம்பெல்லர் சுழலும், நீர் மட்டும் குழாயின் பாதியில் நின்று அசையும். பம்பியின் உடல் தொட்டால் சுடும். பம்பி பழுது என்று தீர்மானித்துக் கழற்றிப் பிரித்து, உள்ளே குற்றமொன்றும் காணாமல் திரும்பப் பூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன். வெளிவாயில் மானியை ஒருமுறை பார்த்திருந்தால் அந்த உழைப்பு மிஞ்சியிருக்கும்: பம்பி தரும் உயரம் தொட்டி கேட்கும் உயரத்தைத் தாண்டாவிட்டால், வால்வைத் திறந்தாலும் அடைத்தாலும் மானியின் முள் அசையாது.

கப்பியே இல்லாத மின் மோட்டர்ப் பம்பிக்கும் இக்கணக்கு வெகு பிரயோசனமானது. இலங்கையின் மின் வழங்கல் 50 ஹேர்ட்ஸ். 60 ஹேர்ட்ஸ் நாடுகளுக்கென்று செய்த பம்பி இங்கு வந்தால், தகட்டில் எழுதிய வேகத்தின் ஆறில் ஐந்து பங்கிலேயே ஓடும். அது நமது ஆறங்குலக் கப்பியின் விகிதமேயல்லவா? தகட்டிலுள்ள பாய்ச்சலை 0.83ஆலும், உயரத்தை 0.69ஆலும், வலுவை 0.58ஆலும் பெருக்கிப் புதிய வளையியை வரைந்து, உங்கள் குழாயோடு ஒப்பிட்ட பின்னரே விலை பேசுங்கள். நகர நீர் வழங்கலில் அதிர்வெண் மாற்றி கொண்டு மோட்டரின் வேகத்தைத் தணிப்பவர்களும் இதே விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே.

வேகத்தைக் கூட்டும்போது வெளிவாயிலை மட்டும் பார்த்துவிட்டு உறிஞ்சு பக்கத்தை மறந்துவிடக் கூடாது. நமது வயல் பம்பியில் வெற்றிடமானி அடைத்தபோது 2 மீற்றரும், ஓடும்போது 3.5 மீற்றரும் காட்டியதைக் கவனித்திருப்பீர்கள். இடையிலுள்ள ஒன்றரை மீற்றரே அடிவால்வும் உறிஞ்சு குழாயும் தின்பது. நீர் 12.9 லீற்றரானால் அந்த ஒன்றரை ஏறத்தாழ இரண்டரையாகும்; மொத்தம் 4.5 மீற்றர், ஆபத்தில்லை. ஆனால் அடிவால்வின் சல்லடையில் ஆகாயத்தாமரை வேரும் பாசியும் சுற்றிக்கொண்டு அந்த இழப்பு ஒன்றரைக்குப் பதில் நான்காயிருந்தால், புதிய வேகத்தில் அது ஆறரைக்கு மேல் போய், மானி எட்டரை மீற்றரை நாடும். வளிமண்டலம் கொடுக்கக்கூடியதே ஏறத்தாழ 10.3 மீற்றர், அதிலும் இம்பெல்லரின் வாயில் நீர் சிதையாமல் நுழைவதற்கென்று பம்பி ஒரு பங்கைக் கேட்கிறது, அந்தப் பங்கும் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டால் நீர் உள்ளேயே ஆவிக்குமிழாகி உடையும். பம்பிக்குள் யாரோ கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை எழும். அந்த ஓசை கேட்ட பின் எந்த விதியும் பயன் தராது. சல்லடையைத் துப்புரவாக்கி, பம்பியை நீர் மட்டத்துக்கு இறக்கி வைப்பதே பரிகாரம்.

களுதாவளை போன்ற வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள மணற்பாங்கான ஊர்களில், ஆழமற்ற கிணற்றிலிருந்து வெற்றிலைக்கும் மரக்கறிக்கும் இறைப்பவர்கள் இன்னொரு எல்லையையும் பார்க்க வேண்டும். அங்கு நன்னீர் உப்பு நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கிணற்று மட்டத்தைக் கீழே இழுக்க இழுக்க, அடியிலுள்ள உப்பு நீர் அதைவிடப் பன்மடங்கு மேலே எழும்பி வரும். சிறிய கப்பி போட்டதும் கிணறு முன்னிலும் விரைவாக இறங்குமானால், பம்பிக்கு வேண்டிய உயரமும் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும். நீர் கூடாது, உப்பே கூடும். இங்கே பெரிய கப்பியைப் போட்டு மெல்ல, நெடுநேரம் இறைப்பதையே சொல்வேன்.

விதிகளின் நம்பிக்கை எல்லையையும் குறிப்பிட வேண்டும். வேகம் கால் பங்கு கூடினாலும் குறைந்தாலும் மேற்கண்ட கணக்கு வயலுக்குப் போதுமான அளவு சரியாகவே வரும். பாதி வேகத்துக்கும் கீழே போகும்போது, தாங்கியின் உராய்வும் சுரப்பி இறுக்கமும் நீரின் வலுவோடு சேர்ந்து குறையாமல் நிற்பதால், உண்மை வலு கனவிதி காட்டுவதைவிடக் கூடுதலாயிருக்கும். மேற்பக்கத்திலோ எல்லையை இடுவது பம்பி செய்தவர். தகட்டில் உச்ச வேகம் எழுதியிருந்தால், எஞ்சின் எவ்வளவு பலமாயிருந்தாலும் அதைத் தாண்டலாகாது, ஏனெனில் சுழலும் உலோகத்தில் விழும் இழுவையும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது.

கடைசியாக, தொட்டிக்கு ஒரு துளியும் ஏற்றாத அந்த ஏழங்குலக் கப்பியை எறிந்துவிட வேண்டாம். வடகீழ்ப் பருவமழை காலத்தில் வாவி பெருகி, முகத்துவாரம் இன்னும் வெட்டப்படாமல், வயலில் நின்ற வெள்ளத்தை வரம்புக்கு அப்பால் தள்ள வேண்டிய நாள் வரும். அப்போது உள்ளுக்கும் வெளிக்கும் உயர வித்தியாசம் அரை மீற்றர். மிச்சமெல்லாம் வயலின் அதே குழாயின் உராய்வு. ஐந்தங்குலக் கப்பியில் வினாடிக்கு 10.7 லீற்றரும் 2.5 கிலோவாற்றும், ஏழங்குலத்தில் 7.6 லீற்றரும் 0.9 கிலோவாற்றும். நீர் பத்தில் ஏழு பங்கு, டீசல் மூன்றிலொன்றுக்குச் சற்று மேல். இரவு பகலாக ஓட வேண்டிய பம்பிக்கு இதைவிட நல்ல கப்பி கிடையாது. ஆனால் வெளியே வாவி மட்டம் ஏற ஏற அந்த அரை மீற்றரும் ஏறும்; ஆகவே காலையிலும் மாலையிலும் வரம்பில் ஒரு கம்பை நட்டு, இரு பக்க மட்டத்தையும் குறித்துக்கொண்டு, உயர வித்தியாசத்தைப் புதிதாக எழுதிக் கணக்கை மறுபடி போடுங்கள்.